இருபாலரும் சேர்ந்த உடற்கல்வி வகுப்பு: பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் பள்ளியில் 6 முதல் 10ஆம் வகுப்பு வரை உடற்கல்வி வகுப்பு இதுவரை மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் தனித்தனியாகவே நடந்து வந்தது. வரும் கல்வியாண்டு முதல் சேர்த்து நடத்த முடிவு செய்திருக்கிறோம். பெற்றோருக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதினேன். பாலினச் சமத்துவம், கூடிப் பழகும் பண்பு என்றெல்லாம் அதில் விளக்கியிருந்தேன். அனுப்பும் முன் பெற்றோர் பிரதிநிதிகள் சிலரிடம் காட்டினேன். "எல்லாம் சரிதான், என் மகள் எங்கே உடை மாற்றுவாள்?" என்று ஒரு தாய் கேட்டார். "மகள்களுக்காக என் மகனின் விளையாட்டைக் குறைக்கப் போகிறீர்களா?" என்று ஒரு தந்தை கேட்டார். இவர்களுக்குப் பதில் சொல்லும்படி இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது?

— ஒரு தலைமையாசிரியை

பதில்: அன்புள்ள தலைமையாசிரியைக்கு,

அந்தத் தாயும் தந்தையும் கேட்ட இரண்டு கேள்விகளையும் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்கள் சமத்துவத்தை எதிர்க்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் என் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று கேட்கிறார்கள். இந்த வகைக் கடிதங்களில் பெரும்பாலானவை மூன்று பத்தி கொள்கை பேசிவிட்டு, "தகுந்த ஏற்பாடுகள் செய்யப்படும்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பெற்றோருக்கு வேண்டியதோ அந்த ஏற்பாடுகளின் விவரம்தான்.

கடிதத்துக்கு முன்னால் வேறொன்றைத் தீர்மானித்தாக வேண்டும். இரு வகுப்புகளையும் சேர்த்துவிட்டால் மட்டும் மாணவிகளுக்கு நன்மை வந்துவிடாது. வகுப்பு நடக்கும் முறையை மாற்றாமல் சேர்த்தால் பலருக்கு நிலைமை முன்பைவிட மோசமாகும். சேர்த்து நடத்தும் ஒரு கால்பந்து வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். பள்ளிக்கு வெளியேயும் விளையாடிப் பழகிய நான்கைந்து பையன்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். எல்லைக்கோட்டருகே ஒரு மாணவி நிற்பாள். பந்து அவள் பக்கம் திரும்பினால் இரண்டடி முன்னே வருவாள், பந்து போனதும் மீண்டும் பழைய இடத்துக்குப் போய்விடுவாள். தூரத்திலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு அவள் விளையாடுவது போலவே தெரியும். ஆனால் பாடவேளை முடியும்வரை அவள் காலில் பந்து பட்டிருக்காது. அவள் மாதிரியே ஒதுங்கி நிற்கும் பையன்களும் அந்த மைதானத்தில் இருப்பார்கள். அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்குப் பெரிய காரணம் ஒரு வகுப்புக்கு ஒரு பந்து என்ற ஏற்பாடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர், நாற்பது நிமிடம். தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் ஐந்து நிமிடமும் போனால் மிஞ்சுவது முப்பது நிமிடம், அதாவது 1800 விநாடி. ஒரே பந்து இருந்து, எல்லோரும் முறைவைத்து ஆடி, பந்தும் துல்லியமாகச் சமமாகப் பகிரப்பட்டாலும் ஒருவருக்குக் கிடைப்பது 45 விநாடி. அதே நாற்பது பேரை அணிக்கு நால்வராகப் பிரித்து, ஐந்து சிறு களங்களில் ஐந்து பந்துகளோடு ஆடவிட்டால் ஒருவருக்கு 225 விநாடி கிடைக்கும். ஐந்து மடங்கு. மைதானம் பெரிதாக வேண்டியதில்லை. இருக்கும் மைதானத்தைக் கூம்புகள் வைத்துப் பிரித்தால் போதும். மகனின் விளையாட்டு குறையுமா என்று கேட்ட தந்தைக்கு இந்தக் கணக்கே பதில். பந்தைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்திருந்த அந்த நான்கைந்து பேருக்கு வேண்டுமானால் சற்றுக் குறையலாம். மற்ற எல்லாப் பையன்களுக்கும் கூடும்.

ஆகவே கடிதத்தில் "சேர்க்கிறோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். "சேர்க்கிறோம், கற்பிக்கும் முறையையும் மாற்றுகிறோம்" என்று எழுதுங்கள். இரண்டாவது பாதியை உங்கள் உடற்கல்வி ஆசிரியர்கள் ஏற்கவில்லையென்றால் முதல் பாதியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

அடுத்தது, ஏன் சேர்க்கிறோம் என்ற காரணம். பெற்றோர் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. மாணவிகளின் உடல் மிக வேகமாக வளர்வது சராசரியாகப் 12 வயதையொட்டி. மாணவர்களுக்கு அது 14 வயதையொட்டி வருகிறது. அதனால் 6, 7ஆம் வகுப்புகளில் பல மாணவிகள் உடன் படிக்கும் பையன்களைவிட உயரமாக இருப்பார்கள். ஒரே வகுப்பில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பையன்கள் இருவரில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் பத்து வயதுச் சிறுவன் போலத் தெரிவான். ஆண் பெண் என்று பிரித்தால் இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறோம். ஒரே அளவும் திறனும் உள்ள ஒரு பையனையும் பெண்ணையும் தனித்தனியே பிரித்துவிடுகிறோம். இந்த வயதில் உடலளவு, திறன், முன்பழக்கம் ஆகியவற்றைப் பார்த்துக் குழு பிரிப்பதே பாதுகாப்புக்கும் பயிற்சிக்கும் உகந்தது.

மேல் வகுப்புகளைப் பற்றியும் கடிதத்தில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 14, 15 வயதுக்குப் பிறகு சராசரி வேறுபாடு வளர்ந்துகொண்டே போகிறது. உலக அளவிலான ஓட்டப் போட்டிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஏறத்தாழ 10 சதவீத இடைவெளி இருக்கிறது. மேலுடல் வலிமையில் வேறுபாடு அதைவிடப் பெரிது. இதை மறைத்து எழுதினால் விவரம் தெரிந்த பெற்றோர் மொத்தக் கடிதத்தையும் நம்ப மாட்டார்கள். ஆகவே மல்யுத்தம், கபடி, ரக்பி போன்று உடலோடு உடல் மோதும் ஆட்டங்களை 9, 10ஆம் வகுப்புகளில் தனித்தனியே நடத்துங்கள். பள்ளிகளுக்கிடையேயான போட்டி அணிகளும் இப்போதிருப்பது போலவே இருக்கட்டும். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அமெரிக்காவில் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972இல் வந்தது. அதற்கான 1975ஆம் ஆண்டு விதிகள் உடற்கல்வி வகுப்புகளைப் பொதுவாகச் சேர்த்து நடத்தச் சொன்னபோதே, மோதல் ஆட்டங்களின்போது பிரித்துக்கொள்ள அனுமதித்தன. பாலினத்தைப் பார்க்காமல் திறனை மட்டும் அளந்து குழு பிரிக்கவும் இடம் தந்தன. தொடக்கப் பள்ளிகளுக்கு ஓராண்டும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மூன்றாண்டும் அவகாசம் கொடுத்தன. நீங்களும் முதல் ஆண்டில் 6, 7, 8ஆம் வகுப்புகளோடு தொடங்கி, பார்த்த பிறகு மேலே போவதுதான் என் பரிந்துரை.

எந்த ஆட்டத்தில் தொடங்குவது என்று உங்கள் ஆசிரியர்கள் கேட்பார்கள். கோர்ஃப்பால் என்ற ஆட்டத்தை அவர்கள் ஒருமுறை பார்க்கட்டும். 1902இல் ஆம்ஸ்டர்டாமில் நிக்கோ புரூக்ஹூய்சன் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்து ஆடுவதற்கென்றே அமைத்தது இது. இன்று ஓர் அணியில் நான்கு ஆண்கள், நான்கு பெண்கள் ஆடுகிறார்கள். பந்தோடு ஓடக் கூடாது, பந்தைத் தட்டிக்கொண்டு போகவும் கூடாது. அதனால் யாராலும் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது, கைமாற்றியே தீர வேண்டும். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் மட்டுமே தடுக்கலாம். உடல் மோதலுக்கு அனுமதி இல்லை. இரண்டு கோல் விழுந்ததும் தாக்குபவர்களும் தடுப்பவர்களும் இடம் மாறுகிறார்கள், ஆகவே "நீ பின்னால் நில்" என்று ஒருவரை நிரந்தரமாக ஒதுக்கவும் வழியில்லை. நீங்கள் கோர்ஃப்பாலையே ஆட வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் பந்து கிடைக்க வேண்டுமென்றால் விதியில் எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்பது அதில் தெளிவாகத் தெரியும். அதே விதிகளைக் கூடைப்பந்துக்கும் ஹேண்ட்பால் ஆட்டத்துக்கும் எளிதாகக் கொண்டுவரலாம்.

ஒரு வகை விதியை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். "மாணவி போட்டால் இரண்டு கோல்", "கோல் போடும் முன் ஒரு மாணவியாவது பந்தைத் தொட வேண்டும்" என்பவை பல பள்ளிகளில் நல்லெண்ணத்தோடு புகுத்தப்படுகின்றன. நடப்பது என்னவென்றால், பையன்கள் கடமைக்கு ஒருமுறை அவளிடம் பந்தைக் கொடுத்து உடனே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். நன்றாக ஆடும் மாணவிக்கு அது அவமானம். தயங்கும் பையனுக்கோ அதில் எந்த உதவியும் இல்லை. "அணியில் எல்லோரும் தொட்ட பிறகே கோல்" என்ற விதியில் இந்தக் குறைகள் இல்லை, ஏனென்றால் அது யாருடைய பாலினத்தையும் பார்ப்பதில்லை.

மாற்றம் பலிக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் பென்சிலும் போதும். அன்று காயத்தாலோ காய்ச்சலாலோ ஆடாமல் உட்கார்ந்திருக்கும் மாணவரிடம் ஒரு களத்தின் எட்டுப் பேர் பெயரையும் கொடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒவ்வொருவரும் பந்தைத் தொடும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இருவருக்கு முப்பது கோடும் மூவருக்கு ஒன்றிரண்டும் விழுந்தால் அந்தக் களத்தில் சேர்ந்து ஆடவில்லை, சேர்ந்து நின்றிருக்கிறார்கள். குழுவையோ விதியையோ மாற்றி அடுத்த வகுப்பில் மீண்டும் எண்ணுங்கள். பெற்றோர் கூட்டத்தில் இந்தத் தாள்களைக் காட்டலாம், பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு.

இனி கடிதம். உங்கள் பள்ளிக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். செய்ய முடியாத எதையும் அதில் விட்டுவைக்க வேண்டாம்.

---

அன்புள்ள பெற்றோருக்கு,

வரும் கல்வியாண்டு முதல் 6, 7, 8ஆம் வகுப்புகளில் உடற்கல்வி வகுப்பு மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் சேர்த்து நடைபெறும். 9, 10ஆம் வகுப்புகளில் இந்த ஆண்டு மாற்றம் இல்லை.

உடை மாற்றும் அறைகள் இப்போதிருப்பது போலவே தனித்தனியாக இருக்கும். மாணவிகள் அறையின் பொறுப்பு ஆசிரியையிடமும் மாணவர்கள் அறையின் பொறுப்பு ஆசிரியரிடமும் இருக்கும். தளர்வான முழுக்கால் உடையும் முழுக்கை மேலுடையும் யார் வேண்டுமானாலும் அணியலாம். அதற்குத் தனி அனுமதி தேவையில்லை.

ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஆசிரியையும் ஓர் ஆசிரியரும் சேர்ந்தே இருப்பார்கள். உங்கள் பிள்ளை தன் உடல்நிலை பற்றி இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். "இன்று எனக்கு இலகுவான வேலை கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் கேட்கப்படாது. புள்ளி குறிப்பது, நடுவராக இருப்பது போன்ற பொறுப்பு தரப்படும். இந்த உரிமை மாணவர், மாணவியர் எல்லோருக்கும் உண்டு.

ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற பயிற்சிகளில் விழாமல் தாங்கிப் பிடிக்க ஆசிரியர் கை கொடுக்க வேண்டியிருக்கும். எங்கே, எதற்காகப் பிடிக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே வகுப்புக்குச் சொல்லுவார். மாணவியருக்கு ஆசிரியையும் மாணவருக்கு ஆசிரியரும் இந்த உதவியைச் செய்வார்கள். உடலோடு உடல் மோதும் ஆட்டங்கள் சேர்ந்த வகுப்பில் இடம்பெறாது. நீச்சல் இப்போது போலவே தனித்தனியாக நடக்கும். பள்ளி அணிகளிலும் தேர்வு முறையிலும் மாற்றம் இல்லை.

இந்த மாற்றத்துக்கான காரணம் இதுதான். இந்த வயதில் பிள்ளைகளின் உயரம், எடை, வலிமை எல்லாம் ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபடுகின்றன. ஆண், பெண் என்று மட்டும் பிரிப்பது பொருத்தமான குழுக்களைத் தருவதில்லை. ஆகவே உடலளவையும் திறனையும் பார்த்து, அணிக்கு நால்வராகச் சிறு குழுக்களை அமைக்கிறோம். நாற்பது பேருக்கு ஒரு பந்து என்றிருந்தது இனி எட்டுப் பேருக்கு ஒரு பந்தாக இருக்கும். நன்றாக ஆடும் பிள்ளைக்கும் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கும் தத்தம் அளவுக்கேற்ற களம் கிடைக்கும்.

மதிப்பெண் மற்றவர்களோடு ஒப்பிட்டு வழங்கப்படாது. பருவத் தொடக்கத்தில் உங்கள் பிள்ளை எங்கிருந்தார், முடிவில் எங்கே வந்திருக்கிறார் என்பதைப் பார்த்தும், ஆட்ட விதிகளையும் உத்திகளையும் புரிந்துகொண்டதைப் பார்த்தும் வழங்கப்படும். ஓட்டச் சோதனை முடிவுகள் வகுப்பில் வாசிக்கப்பட மாட்டா.

கேலியோ தகாத பேச்சோ நடந்தால் அன்றே விசாரிக்கப்பட்டு, தொடர்புடைய பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்.

முதல் பருவ முடிவில் என்ன நடந்தது என்பதைக் கூட்டத்தில் உங்கள் முன் வைத்து, தொடர்வதா, எதை மாற்றுவது என்று பேசுவோம். சமய நம்பிக்கையாலோ உடல்நலக் காரணத்தாலோ உங்கள் பிள்ளைக்குத் தனி ஏற்பாடு வேண்டுமென்றால் கீழே உள்ள சீட்டை நிரப்பி அனுப்புங்கள். தனியே பேசித் தீர்மானிப்போம்.

தலைமையாசிரியை

---

கடிதத்தில் உடை மாற்றும் அறை முதலிலும் காரணம் நடுவிலும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். வழக்கமான வரிசையைத் தெரிந்தேதான் மாற்றியிருக்கிறேன். கவலையோடு படிப்பவர் அந்தக் கவலை தீரும்வரை அடுத்த பத்தியைக் காதில் வாங்க மாட்டார். சமத்துவம் என்ற சொல்லை எங்கும் போடவில்லை. உங்களுக்கு அதில் உறுதியான நம்பிக்கை இருந்தால் கூட்டத்தில் உங்கள் வாயால் சொல்லுங்கள். அங்கே எதிர்க்கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் இடமிருக்கும்.

மதிப்பெண் பத்தியைச் சிறியதென்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். சேர்ந்த வகுப்பில் பிள்ளைகளை மிகவும் காயப்படுத்துவது எல்லோரும் பார்க்க நடக்கும் சோதனைதான். 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு கோடுகளுக்கிடையே ஒலிக்கேற்ப ஓடித் திரும்பும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்குக் கட்டம் வேகம் கூடும், முடியாதவர் விலகிக்கொள்ள வேண்டும். முதலில் விலகுபவர் மீதி நேரம் முழுக்க எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார். பருமனான பையனோ, உடல் மாறிவரும் கூச்சத்தில் இருக்கும் பெண்ணோ அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லி விலகத் தொடங்குவது அங்கிருந்துதான். சோதனை வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் பல இடங்களில் வெவ்வேறு பயிற்சிகளை வைத்து, அவரவர் அட்டையில் அவரவரே குறித்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

கூட்டத்தில் ஒரு புள்ளிவிவரம் உதவும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி 11 முதல் 17 வயதினரில் உலக அளவில் மாணவிகளில் 85 சதவீதமும் மாணவர்களில் 78 சதவீதமும் அந்த அளவை எட்டவில்லை. முதல் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இரண்டாவது எண்ணைத்தான் மகனைப் பற்றிக் கேட்ட அந்தத் தந்தை கேட்க வேண்டும்.

சில பெற்றோர் எவ்வளவு விளக்கினாலும் ஒப்ப மாட்டார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று எண்ண வேண்டாம். வளரும் மகளின் கூச்சத்தை வீட்டில் நேரில் பார்ப்பவர்கள் அவர்கள். தனியாக நடத்தும்போது மட்டுமே மனம்விட்டு ஆடும் மாணவிகள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆகவே வாரத்தில் ஒரு பாடவேளையாவது, நடனம் அல்லது உடற்பயிற்சி போன்ற ஒரு பகுதியைத் தனியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆசிரியர்களோடு பேசுங்கள். முடியுமென்றால் அதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

கடைசியாக, தேதி. பள்ளி திறக்கும் வாரத்தில் இந்தக் கடிதம் போனால் முடிவெடுத்த பிறகு தகவல் சொல்வதாகத்தான் படும். இந்த ஆண்டு முடியும் முன்பே அனுப்பி, இரண்டு வாரம் கழித்துக் கூட்டம் வையுங்கள். கூட்டத்தில் நீங்கள் மட்டும் பேசாமல் இரண்டு உடற்கல்வி ஆசிரியர்களும் பேசட்டும். அந்தத் தாய் தன் கேள்வியை மறுபடி கேட்டால், உடை மாற்றும் அறையின் பொறுப்பை ஏற்கும் ஆசிரியையே எழுந்து பதில் சொல்லட்டும்.